மூவாயிரம் அட்டைகளும் ஒரு வர்க்கமூலமும்

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்த 3000 கைதிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அடங்கிய அட்டவணை ஒன்று 1902-இல் ‘பயோமெட்ரிக்கா’ ஆய்விதழில் வெளியானது. வெளியிட்டவர் டபிள்யூ. ஆர். மெக்டனல். உடல் அளவுகளைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காண முடியுமா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, குற்றவியலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் அதே அட்டவணையைக் கையில் எடுத்தார். அவர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு, 1899-இல் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்.

காசெட் 3000 அட்டைத் துண்டுகளில் அந்த அளவுகளை எழுதினார். ஒரு கைதிக்கு ஓர் அட்டை. நன்றாகக் குலுக்கினார். ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசையிலேயே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு அந்த வரிசையை நான்கு நான்காகப் பிரித்தார். 750 குழுக்கள் கிடைத்தன. ஒவ்வொரு குழுவுக்கும் சராசரியைக் கணக்கிட்டார். குழுவுக்குள் எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் கணக்கிட்டார். கணினி இல்லாத காலத்தில் இது எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

பீர் ஆலைக்காரருக்கு இது எதற்கு? ஆலையில் அவர் முன் இருந்த கேள்வி இதுதான்: குறைந்த எண்ணிக்கையிலான அளவீடுகளின் சராசரியை எவ்வளவு நம்பலாம்?

ஆலையின் கணக்கு

பீருக்கு அடிப்படை, முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை மால்ட் என்பார்கள். அதிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்கும் என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்து, ‘டிகிரி’ என்ற அலகில் குறிப்பார்கள். சத்து கூடினாலும் குறைந்தாலும் பீரின் தன்மை மாறிவிடும். ஆனால் ஒரே மால்டை இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை வரும். எனவே பல முறை அளந்து சராசரி எடுத்தார்கள். எத்தனை முறை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு சோதனையும் நேரம், கூலி, மால்ட் ஆகியவற்றை விழுங்குகிறது.

1904-இல் ஆலையின் உள்சுற்றுக்காக எழுதிய அறிக்கையில் காசெட் இதற்கு ஒரு பட்டியல் தந்தார். சராசரியின் பிழை அரை டிகிரிக்குள் இருப்பதற்கான வாய்ப்பு, இரண்டு அளவீடுகள் எடுத்தால் 4-க்கு 1, அதாவது நான்கு முறை உள்ளே நின்றால் ஒரு முறை வெளியே போகும். மூன்று எடுத்தால் 7-க்கு 1. நான்கு எடுத்தால் 12-க்கு 1. ஐந்து எடுத்தால் 19-க்கு 1. ஆலைக்குத் தேவைப்பட்டது 10-க்கு 1 என்ற உறுதி. ஆகவே நான்கு அளவீடுகள் போதும் என்று அவர் முடிவு சொன்னார்.

அளவீடு கூடக்கூட நம்பிக்கை கூடுகிறது என்பது யாருக்கும் தெரிந்ததே. எந்த வேகத்தில் கூடுகிறது என்பதற்கு விடை சொல்ல, ‘சராசரியின் பரவல்’ என்ற ஒன்றைப் பார்க்க வேண்டும். அதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தவை காசெட்டின் அட்டைகள்.

இரண்டு குவியல்கள்

காசெட்டின் மேசையில் இரண்டு விதமான குவியல்கள் இருந்ததாக நினைத்துக்கொள்வோம். முதல் குவியல் 3000 தனி உயரங்கள். இவற்றின் சராசரி ஏறத்தாழ 166 சென்டிமீட்டர். திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து ஒரு கைதியின் உயரம் விலகும் வழக்கமான அளவு, ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர். 150 சென்டிமீட்டர் கைதியும் உண்டு, 185 சென்டிமீட்டர் கைதியும் உண்டு.

இரண்டாவது குவியல் 750 சராசரிகள். ஒவ்வொன்றும் நான்கு கைதிகளின் சராசரி உயரம். இந்தக் குவியலைத்தான் புள்ளியியலில் மாதிரிச் சராசரியின் பரவல் என்கிறோம். பாடப்புத்தகங்களில் கூறெடுப்புப் பரவல் என்றும் இருக்கும். இங்கே ஒரு சராசரி 150-ஆக வருவது மிக அரிது. அதற்கு நான்கு பேருமே குள்ளமாகவோ, ஒருவர் குள்ளம் என்றால் மற்ற மூவரும் அவருக்கு ஈடுகட்டாதவர்களாகவோ அமைய வேண்டும். பெரும்பாலும் அப்படி அமையாது. குள்ளமானவரோடு நெட்டையானவரும் வந்து சேர்ந்து, சராசரியை நடுவுக்கு இழுத்துவிடுவார்.

காசெட் எடுத்த அட்டையைத் திரும்பப் போடவில்லை. மூவாயிரத்தையும் ஒரு முறை பயன்படுத்தித் தீர்த்தார். ஆகவே 750 சராசரிகளின் சராசரி, 3000 உயரங்களின் சராசரியேதான். இரண்டு குவியல்களின் மையமும் ஒன்று. வேறுபடுவது சிதறல் மட்டுமே. இரண்டாவது குவியலின் சிதறலுக்குத் தனிப் பெயர் உண்டு: திட்டப்பிழை. திட்டவிலக்கம் தனி மனிதர்கள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று சொல்கிறது. திட்டப்பிழையோ, நான்கு பேர் கொண்ட குழு ஒன்றை எடுத்தால் நம் சராசரி உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப்போகக்கூடும் என்று சொல்கிறது. செய்தித்தாள் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

காசெட் பயன்படுத்திய அட்டவணை இன்று ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் `crimtab` என்ற பெயரில் இருக்கிறது. அவர் கையால் செய்ததை நான்கு வரிகளில் செய்து பார்க்கலாம்:

```r
h <- rep(as.numeric(colnames(crimtab)), colSums(crimtab))
x <- sample(h)
m <- colMeans(matrix(x, nrow = 4))
c(sd(h), sd(m), sd(h) / sqrt(4))
```

முதல் வரி 3000 உயரங்களை விரித்துவைக்கிறது. இரண்டாவது வரி குலுக்குகிறது. மூன்றாவது வரி நான்கு நான்காகப் பிரித்துச் சராசரி எடுக்கிறது. கடைசி வரி தரும் மூன்று எண்களில் முதலாவது ஏறத்தாழ 6.5. இரண்டாவது 3.25-ஐ ஒட்டி வரும். 750 குழுக்களே இருப்பதால் ஒவ்வொரு குலுக்கலிலும் சற்றே ஆடும், பெரும்பாலும் 3.1-க்கும் 3.4-க்கும் இடையில் நிற்கும். மூன்றாவது எண், கோட்பாடு சொல்லும் விடை. நான்கு பேரைச் சேர்த்ததும் சிதறல் நான்கில் ஒரு பங்காகவில்லை, பாதியாகவே குறைந்திருக்கிறது. அது ஏன் பாதி?

வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது

மூவாயிரம் பேரை விட்டுவிட்டு, மூன்றே உயரங்கள் உள்ள ஒரு சிறு தொகுதியை எடுப்போம்: 160, 166, 172. சராசரி 166. விலகல்கள் −6, 0, +6. விலகல்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 36, 0, 36 ஆகியவற்றின் சராசரி, 24. இதை விலக்க வர்க்கச் சராசரி என்பார்கள். இதன் வர்க்கமூலம்தான் திட்டவிலக்கம், ஏறத்தாழ 4.9.

இப்போது எடுத்ததைத் திரும்பப் போட்டு இரண்டு முறை எடுப்போம். ஒன்பது சோடிகள் சாத்தியம், ஒன்பதுக்கும் சம வாய்ப்பு. அவற்றின் சராசரிகளை வரிசையாக எழுதினால்: 160 ஒரு முறை, 163 இரண்டு முறை, 166 மூன்று முறை, 169 இரண்டு முறை, 172 ஒரு முறை. தட்டையாக இருந்த தொகுதி, சோடியின் சராசரியில் நடுவில் மேடிட்டு ஓரங்களில் சரிந்துவிட்டது. 160 வருவதற்கு இரண்டு முறையும் 160 விழ வேண்டும். 166 வருவதற்கோ மூன்று வழிகள் இருக்கின்றன.

இந்த ஒன்பது சராசரிகளின் விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 36 + 9 + 9 + 0 + 0 + 0 + 9 + 9 + 36, அதாவது 108. ஒன்பதால் வகுத்தால் 12. முன்பு 24, இப்போது 12. இரண்டு பேரைச் சேர்த்ததும் விலக்க வர்க்கச் சராசரி சரியாகப் பாதியாகிவிட்டது. மூன்று பேரைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு, நான்கு பேரைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு.

காரணம் எளிது. இரண்டு விலகல்களைக் கூட்டி வர்க்கப்படுத்தினால், ஒவ்வொன்றின் வர்க்கமும் வரும். அவற்றோடு இரண்டின் பெருக்கற்பலனும் இரு மடங்காக வரும். முதல் அட்டை குள்ளமாக வந்தது என்பதற்காக இரண்டாவது அட்டை குள்ளமாகவோ நெட்டையாகவோ வரப்போவதில்லை என்றால், அந்தப் பெருக்கற்பலன் சில சோடிகளில் கூட்டலாகவும் சில சோடிகளில் கழித்தலாகவும் வந்து, மொத்தத்தில் சுழியாகிவிடும். எஞ்சுவது வர்க்கங்களின் கூட்டல் மட்டுமே. ஆகவே n அட்டைகளின் கூட்டுத்தொகையுடைய விலக்க வர்க்கம் n மடங்கு பெருகுகிறது. அதன் சிதறல் √n மடங்கு பெருகுகிறது. சராசரிக்காக n-ஆல் வகுத்ததும் சிதறல் 1/√n என்று சுருங்குகிறது. தொகுதியின் திட்டவிலக்கத்தை σ என்று குறித்தால், திட்டப்பிழை σ/√n.

இந்தக் காரணத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஓர் அட்டைக்கும் இன்னொரு அட்டைக்கும் உறவில்லை என்றால்தான் பெருக்கற்பலன் சுழியாகும். இதற்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

நடுவில் மேடிடும் அந்த வடிவம் தற்செயலானதன்று. n பெருகப் பெருக, மூலத்தொகுதி தட்டையாக இருந்தாலும் ஒருபுறம் சாய்ந்திருந்தாலும், சராசரிகளின் பரவல் மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும். மைய எல்லைத் தேற்றம் என்பது இதுவே. உயரம் ஏற்கெனவே மணி வடிவில் இருப்பதால், அதற்கு நான்கே போதும். சொத்து, வருமானம் போலச் சிலரிடம் மட்டும் குவிந்து கிடக்கும் அளவுகளுக்கு நூறு கூடப் போதாமல் போகலாம்.

பாதியாக்க நான்கு மடங்கு

கைதிகளின் உயரத்துக்கே திரும்புவோம். ஒருவரை மட்டும் அளந்தால் திட்டப்பிழை 6.5 சென்டிமீட்டர். நால்வரை அளந்தால் 3.25. பதினாறு பேரை அளந்தால் ஏறத்தாழ 1.6. அறுபத்து நான்கு பேரை அளந்தால் 0.8. இருநூற்று ஐம்பத்தாறு பேரை அளந்தால் 0.4.

நான்கிலிருந்து பதினாறுக்குப் போகப் பன்னிரண்டு பேரைக் கூடுதலாக அளந்தோம், ஏறத்தாழ 1.6 சென்டிமீட்டர் லாபம். பதினாறிலிருந்து அறுபத்து நான்குக்குப் போக நாற்பத்தெட்டு பேர்; 0.8 லாபம். அதற்கடுத்த படிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் தேவை, கிடைப்பது 0.4 மட்டுமே. திட்டப்பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு, பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு உழைப்பு. கின்னஸ் ஆலையில் நான்கோடு நிறுத்திக்கொண்டதில் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஐந்தாவது அளவீடு வாய்ப்பை 12-க்கு 1-லிருந்து 19-க்கு 1-ஆக உயர்த்தும் என்பது காசெட்டுக்குத் தெரியும். ஆனால் ஆலை கேட்டது 10-க்கு 1. அதை நான்கே தாண்டிவிட்டது.

ஒரு கணக்கெடுப்பைத் திட்டமிடுபவர் இதே சூத்திரத்தைத் திருப்பிப் போடுகிறார். சராசரி உயரம் இருபுறமும் 1 சென்டிமீட்டருக்குள் 95 சதவீத உறுதியோடு தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இயல்நிலைப் பரவலில் 95 சதவீதம் அடங்க, இருபுறமும் 1.96 திட்டப்பிழை தேவை. 1.96-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 12.74, அதன் வர்க்கம் 162-க்குச் சற்று மேல். ஆகவே 163 பேர் வேண்டும். அரை சென்டிமீட்டருக்குள் வேண்டுமென்றால் 650 பேர்.

இந்தக் கணக்கில் இல்லாத ஓர் எண்ணைக் கவனியுங்கள். மொத்தத் தொகுதியில் எத்தனை பேர் என்று எங்கும் கேட்கவில்லை. மூவாயிரம் கைதிகளுக்கும் மூன்று கோடி மக்களுக்கும், உயரங்களின் சிதறல் ஒன்றாக இருந்தால், வேண்டிய மாதிரி ஏறத்தாழ ஒன்றே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்பவர்கள் பானையின் அளவைக் கேட்பதில்லை. நன்றாகக் கொதித்த சோற்றில் பருக்கைக்குப் பருக்கை வேறுபாடு இல்லை, σ கிட்டத்தட்டச் சுழி, ஆகவே n ஒன்று போதும். வேறுபாடு மிகுந்த தொகுதிக்கு ஒன்று போதாது. அப்போதும் எத்தனை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேறுபாடுதான். தொகுதியில் கணிசமான பங்கையே மாதிரியாக எடுத்தால் மட்டும் தொகுதியின் அளவு உள்ளே வரும். மூவாயிரத்தில் நான்கை எடுக்கும்போது அந்தத் திருத்தம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரத்து ஐந்நூறை எடுத்தால், திருப்பிப் போடாத காரணத்தால் திட்டப்பிழை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாகக் குறையும்.

σ தெரியாதபோது

இதுவரை σ நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டோம். ஆலையில் நான்கு அளவீடுகள் மட்டும் கையில் இருக்கும்போது σ எங்கே தெரியும்? அந்த நான்கிலிருந்தே திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டு, அதை s என்று குறித்து, σ இருக்க வேண்டிய இடத்தில் போடுவதுதான் வழக்கம். ஆயிரம் அளவீடுகள் இருந்தால் s-க்கும் σ-வுக்கும் பெரிய வேறுபாடு இராது. புள்ளியியலாளர் கார்ல் பியர்சனும் அவரைச் சார்ந்த ஆய்வாளர்களும் பெரிய மாதிரிகளோடு வேலை செய்தவர்கள்; அவர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. பீர் ஆலைக்காரருக்கு அது தலையாய சிக்கல். 1906-07-இல் லண்டனில் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் தங்கி, காசெட் இதைத்தான் ஆராய்ந்தார்.

நான்கு அட்டைகளின் s எவ்வளவு ஆடும்? உண்மையான σ 6.5 என்றால், s சராசரியாக 6-ஐ ஒட்டி வரும். ஆனால் ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் வழக்கமாக 2.5 அளவுக்கு மாறும். ஏறத்தாழ ஏழு குழுக்களில் ஒன்றில் s, உண்மையான σ-வில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அமைந்துவிட்டால் அப்படித்தான். அந்தக் குழுவை மட்டும் பார்ப்பவர், தம் சராசரி மிகத் துல்லியமானது என்று நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே கிடையாது.

இதன் விளைவை 750 குழுக்களில் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு குழுவின் சராசரியைச் சுற்றியும் இருபுறமும் 1.96 திட்டப்பிழை அகலத்துக்கு ஓர் எல்லை போடுகிறோம். σ தெரிந்து போட்டால் 95 சதவீதம் எல்லைகள் உண்மையான சராசரியை உள்ளடக்கும். 750-இல் 37 அல்லது 38 மட்டுமே தவறும். σ-வுக்குப் பதில் அந்தந்தக் குழுவின் s-ஐப் போட்டால் உள்ளடக்குபவை 85.5 சதவீதம்தான், தவறுபவை ஏறத்தாழ 109. இருபதில் ஒன்று தவறும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஏழில் ஒன்றைத் தவறவிடுகிறோம்.

காசெட் கண்டுபிடித்தது, இந்த வாக்கைக் காப்பாற்ற எல்லையை எவ்வளவு அகலமாக்க வேண்டும் என்பதை. முழுக் கணித விடை கிடைப்பதற்கு முன்பே அட்டைகளைக் குலுக்கி விடையின் உருவத்தைத் தேடினார். பிறகு சூத்திரத்தை வருவித்து, அட்டைகளிலிருந்து வந்த பரவலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். ஆலை, ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிடுவதை அனுமதிக்கவில்லை. எனவே 1908-இல் ‘பயோமெட்ரிக்கா’வில் கட்டுரை ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வந்தது. பின்னாளில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதை இன்று நாம் பயன்படுத்தும் t பரவலாக வடிவமைத்தார். அந்தப் பரவலின்படி, நான்கு அளவீடுகளுக்கு 1.96-க்குப் பதில் 3.18 போட வேண்டும். முப்பது அளவீடுகள் இருந்தால் 2.05 போதும். சிறு மாதிரிக்கு இரண்டு தண்டனைகள் என்று சொல்லலாம்: √n சிறியதாக இருப்பதால் திட்டப்பிழை பெரிது, திட்டப்பிழையே சரியாகத் தெரியாததால் பெருக்கும் எண்ணும் பெரிது.

குறைய மறுக்கும் பிழை

σ/√n தன்னிச்சையாக வேலை செய்யும் மந்திரம் என்று எண்ணுபவர்கள் தவறும் இடம், முன்பு சொன்ன அந்த நிபந்தனையில் இருக்கிறது. அளவீடுகளுக்கிடையே உறவு இருந்தால் பெருக்கற்பலன்கள் சுழியாவதில்லை.

மால்டை வைத்தே பார்ப்போம். ஒரு சரக்கில் மூட்டைக்கு மூட்டை சத்து மாறுகிறது. அதன் திட்டவிலக்கம் 0.4 டிகிரி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரே மூட்டையைத் திரும்பத் திரும்ப அளந்தாலும் சோதனைக்கூட வேறுபாடு இன்னொரு 0.4 டிகிரி. ஒரு மூட்டையை ஒரு முறை அளந்தால் மொத்தப் பிழை, 0.16-ஐயும் 0.16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க, 0.57 டிகிரி.

நான்கு அளவீடுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. நான்கு வெவ்வேறு மூட்டைகளில் ஒவ்வொன்று எடுத்தால் பிழை பாதியாகி 0.28. ஒரே மூட்டையில் நான்கு முறை எடுத்தால், சோதனைக்கூடப் பிழை மட்டுமே சுருங்குகிறது. மூட்டையின் விலகல் நான்கிலும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 0.45. அதே மூட்டையை நூறு முறை அளந்தாலும் பிழை 0.40-க்குக் கீழே இறங்காது. வெவ்வேறு மூட்டைகளிலிருந்து எடுத்த நான்கு அளவீடுகள், ஒரே மூட்டையின் நூறு அளவீடுகளைவிடச் சிறந்தவை.

கெடுதல் இதோடு முடிவதில்லை. அந்த நூறு அளவீடுகளின் s-ஐக் கணக்கிட்டு √100-ஆல் வகுப்பவருக்குக் கிடைக்கும் திட்டப்பிழை 0.04. உண்மையான பிழையில் பத்தில் ஒரு பங்கு. மூட்டைக்கு மூட்டை உள்ள வேறுபாடு அந்த நூறு எண்களில் எங்குமே தென்படாது. ஆகவே எண்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தவறு தெரியாது. ஒரே தெருவில் நூறு வீடுகளைக் கேட்டுவிட்டு ஊர் முழுவதற்கும் விடை சொல்லும் கணக்கெடுப்பும், ஒரே வகுப்பில் நூறு மாணவர்களைச் சோதித்துவிட்டு மாநிலத்துக்கு முடிவு சொல்லும் ஆய்வும் இதே குழியில் விழுகின்றன.

கொல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட முனைந்தபோது, இத்தகைய தவறுகளைக் களத்திலேயே பிடிக்க ஒரு வழி வகுத்தார். ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளைத் தனித்தனியே குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு குழுவிடம் ஒப்படைப்பது. ஒரு குழு இன்னொரு குழுவைச் சாராமல் தன் சராசரியைக் கொண்டுவரும். இரு மாதிரிகளின் திட்டப்பிழையும் சமமாக இருந்தால், அவற்றின் சராசரிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் திட்டப்பிழை அதைப் போல √2 மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்க வேண்டும். வேறுபாடு அதைப் போல மூன்று மடங்கு வந்தால், யாரோ வயலுக்குப் போகாமலே படிவத்தை நிரப்பியிருக்கலாம், அளக்கும் முறை குழுவுக்குக் குழு மாறியிருக்கலாம், அல்லது கணக்கிட்ட திட்டப்பிழையே தவறாக இருக்கலாம். காசெட் 750 குழுக்களைக் கொண்டு செய்ததை, மகலனோபிஸ் இரண்டு மூன்று குழுக்களைக் கொண்டு செய்தார் என்று சொல்லலாம்: சராசரிகள் உண்மையில் எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சூத்திரத்திடம் கேட்காமல் நேரிலேயே பார்ப்பது.

இந்தச் சோதனைக்கும் தப்பிவிடும் பிழை ஒன்று உண்டு. எல்லாக் குழுக்களும் ஒரே பக்கம் கோணலாக இருந்தால், அவற்றின் விடைகள் தமக்குள் அழகாக ஒத்துப்போகும். காசெட்டின் 3000 அட்டைகளையும் ஒன்றுவிடாமல் சராசரி எடுத்தால் திட்டப்பிழை சுழி. ஆனால் அது சிறையில் இருந்தவர்களின் சராசரி. இங்கிலாந்து மக்களின் சராசரி உயரம் என்ன என்ற கேள்விக்கு அந்த 166 சென்டிமீட்டர் பதிலாகாது; இன்னும் மூவாயிரம் கைதிகளை அளந்தாலும் ஆகாது.

எனவே ஓர் ஆய்வில் ‘மாதிரி அளவு 2000’ என்று படிக்கும்போது, அந்த 2000-ஐ அப்படியே √n-இல் போட்டுவிடக் கூடாது. அதில் ஒன்றையொன்று சாராமல் எடுக்கப்பட்டவை எத்தனை என்று முதலில் பார்க்க வேண்டும். 2000 பேர் 20 ஊர்களிலிருந்து ஊருக்கு நூறு பேராக வந்திருந்து, ஒரே ஊர்க்காரர்கள் கேட்கப்பட்ட விஷயத்தில் பெரிதும் ஒத்திருந்தால், சூத்திரத்தில் போட வேண்டிய n இரண்டாயிரத்தைவிட இருபதுக்கே பக்கமாக இருக்கும். ஊர்களின் எண்ணிக்கையை 30-ஆகப் பெருக்க ஆகும் செலவு, ஊருக்கு இன்னும் நூறு பேரைக் கேட்பதைவிட அதிகம்தான். ஆனால் திட்டப்பிழையைக் கணிசமாகக் குறைப்பது அந்தச் செலவு மட்டுமே.